நகைக்கு நகையே பகை



சென்ற தை மாதம் என் தமக்கையின் கணவருக்குத் திருக்கடையூரில் சதாபிஷேகம் நடைபெற்றது. அதே அபிராமி அம்மன் சந்நிதியில்தான் என் பெற்றோரின் அறுபதாம் கல்யாணமும் முன்னொரு நாள் நடந்தது. அன்று அம்மாவின் கழுத்தில் ஒரு முத்துமாலை இருந்தது. "அந்த மாலையை நான் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும், தம்பி. லாக்கரிலிருந்து எடுத்து வா" என்று தமக்கை ஒரு மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்.

அம்மா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. காரியங்கள் முடிந்த மறுநாள், வீட்டில் உறவினர் கூட்டம் கலைவதற்குள், அவருடைய நகைகள் அனைத்தையும் ஒரே மஞ்சள் துணிப்பையில் இட்டு வங்கி லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தவன் நான். முப்பத்து மூன்று ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன். அவற்றுள் பல ஆண்டுகள் லாக்கர் அறையின் பொறுப்பும் என்னிடம் இருந்தது. பூட்டிவிட்டால் பத்திரம் என்பதே அன்று என் எண்ணம். திருடனிடமிருந்து பத்திரமாக இருந்தது உண்மை. ஆனால் பைக்குள்ளேயே ஒன்றையொன்று கெடுத்துக்கொண்டிருந்த பொருள்களைப் பற்றி நான் நினைக்கவில்லை.

பையைத் தமக்கையின் வீட்டுக் கூடத்தில் ஒரு வெள்ளை வேட்டியின் மேல் கவிழ்த்தோம். இரட்டை வடச் சங்கிலியும் இரண்டு மெல்லிய சங்கிலிகளும் ஒரே முடிச்சாகத் திரண்டு விழுந்தன. வெள்ளிக் கொலுசு கறுத்திருந்தது. அதை நான் சுற்றிவைத்த ரப்பர் வளையம் இருந்த இடத்தில் மட்டும் மை பூசியது போன்ற கருங்கோடு தெரிந்தது. தமக்கை சிறுமியாக நாட்டியம் ஆடிய நாளில் வடசேரியிலிருந்து வாங்கிவந்த நெற்றிச்சுட்டியின் ஓரங்கள் மங்கியிருந்தன. கடைசியாக முத்துமாலை. தமக்கை அதை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார். மூன்று முத்துகளில் நகத்தால் கீறியது போன்ற வரிகள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாலையை என் கையில் கொடுத்துவிட்டுக் காபி போட எழுந்து சென்றார்.

அந்த நான்கு கேடுகளுக்கும் காரணம் என்ன, மறுபடி அவற்றை எப்படி எடுத்துவைத்தோம் என்பதையே இவ்வாரம் எழுதுகிறேன்.

முதலில் கீறலைப் பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் மோஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டில் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதே அந்த வரிசையின் அடிப்படை. அதில் வைரம் பத்து. மாணிக்கமும் நீலமும் ஒன்பது. தங்கமும் வெள்ளியும் மூன்றுக்குள்ளேயே அடங்கும். முத்தும் பவளமும் அவற்றைவிடச் சிறிதளவே உறுதியானவை. அம்மாவின் எட்டுக்கல் வைரத்தோடு அதே பையில்தான் முத்துமாலையோடு கிடந்தது. சும்மா கிடந்திருந்தால் பெரிய சேதம் நேர்ந்திராது. ஆனால் நான் ஆண்டுக்கு இருமுறை வைப்புநிதி ரசீதுகளை எடுக்கவும் வைக்கவும் லாக்கரைத் திறந்தபோதெல்லாம் பையை வெளியே இழுத்துப் பின் உள்ளே தள்ளியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வைரம் முத்தின்மேல் உரசியிருக்கிறது.

ஆகவே வைரத்தோடு, மாணிக்க மோதிரம் போன்றவை முத்தோடும் பவளத்தோடும் சேரக் கூடாது. வெறும் பொன்னோடும் சேரக் கூடாது. வைரத்தை வைரமே கீறும் என்பதால், ஒரு ஜோடித் தோட்டில்கூட இரண்டையும் தனித்தனியே துணியில் மடித்துத்தான் வைக்க வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. வீட்டுத் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கும். மணல் பொன்னைவிட மிகக் கடினமானது. பல நாள் திறந்து கிடந்த வளையலைத் துணியால் அழுத்தித் துடைத்தால், துடைப்பதே கீறலாகிவிடும். முதலில் மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டுப் பிறகே துடைக்க வேண்டும்.

அடுத்தது கறுப்பு. காற்றில் மிகச் சிறிய அளவில் கந்தகம் கலந்த வாயுக்கள் உண்டு. வெள்ளி அவற்றோடு சேர்ந்து மேற்புறத்தில் கரிய படலமாகிறது. முதலில் இளமஞ்சள், பின்னர் பழுப்பு, அதன்பின் நீலம் கலந்த கறுப்பு என்று நிறம் மாறும். ஈரம் இருந்தால் இது விரைந்து நடக்கும். ரப்பரை உறுதிப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். அதனால்தான் ரப்பர் வளையம் பட்ட இடத்தில் அந்தக் கருங்கோடு. கம்பளித் துணியிலும் கந்தகம் உண்டு. நான் சுற்றியிருந்த செய்தித்தாளும் வெள்ளிக்கு ஆகாது. சுத்தமான பருத்தித் துணியே போதுமானது.

நம் வீடுகளில் கறுத்த வெள்ளியை விபூதியால் தேய்த்துத் துலக்குவது வழக்கம். பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அந்தக் கறுப்பு வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. வெள்ளியே அவ்வாறு மாறியிருக்கிறது. தேய்க்கும் ஒவ்வொரு முறையும் சிறிது வெள்ளி போகிறது. கெட்டி வெள்ளிக் குத்துவிளக்கு அதைத் தாங்கும். சித்திர வேலைப்பாடுள்ள சிமிழும் மெல்லிய முலாம் பூசிய பொருளும் தாங்கமாட்டா. எனவே துலக்குவதைவிடக் கறுக்காமல் வைப்பதே வெள்ளிக்கு ஆயுள்.

வடசேரி நெற்றிச்சுட்டி மங்கியதற்கும் இதுவே காரணம். நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைகள் மரபாக வெள்ளியில் உரு அமைத்து, சிவப்புக் கற்கள் பதித்து, மேலே பொன் தகடு போர்த்திச் செய்யப்படுபவை. பார்வைக்குத் தங்கம், உள்ளே வெள்ளி. தகடு விலகிய ஓரங்களில் வெள்ளி வெளியே தெரிந்து கறுத்துவிடும். அதைத் தங்கநகை என்று எண்ணித் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தால் தகடும் உரியும். கற்களுக்குப் பின்னால் இருக்கும் அரக்கும் தளரும். பின்புறம் மூடிய கட்டடத்தில் பதித்த கல்நகை எதையும் நீரில் ஊறவைக்கலாகாது. உள்ளே நீர் புகுந்தால் கல்லுக்கு அடியில் உள்ள பளபளப்பான தகடு மங்கி, கல்லே உயிரிழந்தது போல் தோன்றும்.

தங்கம் கறுக்காது என்கிறோமே, அம்மாவின் சங்கிலிகள் ஏன் மங்கின? தூய பொன் கறுக்காது. ஆனால் நாம் அணியும் 22 காரட் நகையில் ஆயிரத்தில் 916 பங்கே பொன். அதைத்தான் 916 முத்திரை சொல்கிறது. எஞ்சிய பங்கு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். வியர்வையும் உப்பும் பட்டு ஈரத்தோடு கிடந்தால் அந்தப் பங்கு மங்கும். சங்கிலிக் கண்ணிகளின் இடுக்கில் சேர்ந்த சந்தனமும் எண்ணெயும் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

இனி, அன்று நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

சங்கிலி முடிச்சைத் தமக்கையே எடுத்துக்கொண்டார். ஒரு பீங்கான் தட்டின் மேல் முடிச்சை வைத்து, அதில் ஒரே ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார். பிறகு இரண்டு தையல் ஊசிகளை முடிச்சின் நடுவே மெல்ல நுழைத்து, ஒன்றிலிருந்து ஒன்றை விலக்கினார். நான் பொறுமையிழந்து ஒரு முனையை இழுக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டார். முனையைப் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும். நடுவைத் தளர்த்தினால் தானே அவிழும். ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று. அவிழ்ந்த பின்னர்தான் காரணம் தெரிந்தது. மெல்லிய சங்கிலி ஒன்றின் கொக்கியை நான் மாட்டாமலே வைத்திருந்தேன். கட்டற்ற முனை, பை அசையும்போதெல்லாம் மற்றவற்றின் ஊடே புகுந்து வந்திருக்கிறது. ஒரு கண்ணி வாய் பிளந்திருந்தது. அதைப் பத்தர் பொடி வைத்து ஊதிச் சேர்த்துக் கொடுத்தார்.

முடிச்சே விழாமல் வைக்க இரண்டு வழிகள் உண்டு. மிக மெல்லிய சங்கிலியாயின், குளிர்பானம் உறிஞ்சும் குழல் ஒன்றைச் சங்கிலியின் பாதி நீளத்துக்கு வெட்டி, அதன் வழியே ஒரு முனையை விட்டு, மறுபக்கம் வெளிவந்ததும் கொக்கியை மாட்டிவிட வேண்டும். பாதிச் சங்கிலி குழலுக்குள்ளும் பாதி வெளியிலும் நிற்பதால் அது சுருண்டு முடிச்சிட இடமில்லை. சற்றுக் கனமான சங்கிலியைக் கொக்கி மாட்டியபின் ஒரு துணியின் மேல் நீளவாட்டில் கிடத்தி, துணியின் பாதியை மேலே மடித்து, பாய் சுருட்டுவது போல் சுருட்டிவிடலாம். ஒரு துணிக்கு ஒரு சங்கிலியே. இரண்டு வைத்தால் பழைய கதைதான்.

துணிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. பலமுறை துவைத்து மென்மையான பழைய வேட்டியே சிறந்தது. கஞ்சி போட்ட துணி ஆகாது. கஞ்சிக்குப் பூச்சி வரும். சாயம் போகும் சிவப்புத் துணியும் ஈரம் பட்டால் முத்துக்குக் கறையாகும். மங்கலத்துக்காகச் சிவப்புப் பட்டு வேண்டும் என்றால் அது வெளிச்சுற்றாக இருக்கட்டும். நகையைத் தொடுவது வெள்ளையாகவே இருக்கட்டும்.

கல் இல்லாத தங்கச் சங்கிலிகளை வெதுவெதுப்பான நீரில் சிறிது பூந்திக்கொட்டைச் சாறு கலந்து அலம்பி, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கி, துணியில் ஒற்றி, ஓர் இரவு முழுவதும் காற்றாடப் பரப்பிவைத்தோம். கண்ணிகளுக்குள் உள்ள ஈரம் கண்ணுக்குத் தெரியாது. அவசரப்பட்டு மூடிவிட்டால் அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

முத்துக்கு இந்த அலம்பல் கூடாது. முத்து சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. புளி, எலுமிச்சை, வியர்வை, வாசனைத் திரவியம் எதுவும் அதன் மேனியை அரிக்கும். ஈரத்துணியைப் பிழிந்து ஒற்றித் துடைத்து, பிறகு உலர்துணியால் துடைத்தால் போதும். முத்துமாலையை ஆணியில் தொங்கவிடலாகாது. கோத்த நூல் நீண்டுவிடும். கிடத்தியே வைக்க வேண்டும். கற்பூரமும் அந்துருண்டையும் முத்துப் பெட்டியின் பக்கமே வர வேண்டாம்.

இதன் பின்னர் எடுத்துவைத்தோம். தங்கமும் வைரமும் தனித்தனித் துணிச் சுருளாக, ஒவ்வொன்றும் அழுத்தி மூடும் பாலித்தீன் உறையில். வெள்ளி தனியாக அத்தகைய உறையிலேயே, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி. காற்றுக் குறைந்தால் கறுப்பும் குறையும். மலிவான, பிசுபிசுப்பான வழவழ உறைகள் வேண்டாம். அவற்றிலிருந்து வெளிப்படும் ஆவியே உலோகத்தை மங்கச் செய்யும். நெற்றிச்சுட்டி நன்கு உலர்ந்தபின் ஒரு சிறு அட்டைப்பெட்டியில், மேலே கனம் ஏதும் ஏறாதபடி. முத்துமாலை மட்டும் வெறும் பருத்திப் பையில். முத்துக்குள் இயல்பாகவே சிறிது நீர்ச்சத்து உண்டு. காற்றுப் புகாத உறையில் பல்லாண்டு அடைத்து வைத்தால் அதன் ஒளி மங்கும்.

ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலம் ஒன்றைத் தங்கத்தோடும் ஒன்றை வெள்ளியோடும் வைத்தோம். முத்தோடு வைக்கவில்லை, அது முத்தின் ஈரத்தையும் உறிஞ்சி வெடிப்பு உண்டாக்கலாம். நீல நிற மணியாக வாங்கினால் ஒரு வசதி. ஈரம் ஏறி நிறைந்ததும் இளஞ்சிவப்பாக மாறிவிடும். மாற்ற வேண்டும் என்பதற்கு அதுவே அடையாளம். மாற்றாமல் விட்ட பொட்டலம் இருந்தும் இல்லாததே.

லாக்கர் அறையைப் பற்றி என் அனுபவத்தில் இரண்டு சொல்ல வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் வங்கிக்கு வருவோரை நான் நிறையக் கண்டிருக்கிறேன். மணமகளின் கழுத்திலிருந்து கழற்றிய நகை வியர்வையோடும் சந்தனத்தோடும் அப்படியே உள்ளே போகும். அடுத்த கல்யாணம் வரை அது வெளியே வராது. இரும்புப் பெட்டிக்குள் காற்றோட்டம் கிடையாது. மழைக்காலத்தில் ஈரம் எளிதில் வெளியேறவும் வழியில்லை. ஒரு நாள் தாமதித்துத் துடைத்து உலர்த்தி, வீட்டிலேயே சுருட்டிக் கட்டி எடுத்துவருவது நல்லது. அறைக்குள் வந்து பிரிப்பதும் மடிப்பதும் வேண்டாம். அப்படியே பிரிக்க நேர்ந்தால் மேசையின் மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். மாலையில் அறையைப் பெருக்கும்போது தோட்டின் திருகாணி அகப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. தோட்டை வைக்கும்போதே திருகாணியை அதன் தண்டில் மாட்டிவிட்டால் அது தொலையவும் தொலையாது. தண்டின் கூர்முனை அடுத்த நகையைக் குத்தவும் செய்யாது.

மற்றொன்று, லாக்கருக்குள் ரசீதுகளும் பத்திரங்களும் நகைப் பையின் மேல் இருக்கக் கூடாது. நகைகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்து, காகிதங்களை வேறு உறையில் இட்டு முன்னால் வைத்தால், காகிதம் எடுக்க நகையை அசைக்க வேண்டியிராது. என் ஒன்பது ஆண்டுத் தவறு இந்த ஓர் ஏற்பாட்டில் நீங்கியிருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் கழிந்தபின், நகைகளைத் திறந்து பார்ப்பதற்காகவே போய் வரலாம். ஒவ்வொரு நகையையும் கைப்பேசியில் படம் எடுத்துவைத்தால், அடுத்த ஆண்டு புதிய கீறலோ மங்கலோ ஏற்பட்டிருக்கிறதா என்று ஒப்பிட்டு அறியலாம்.

திருக்கடையூர்ப் பயணத்துக்குத் தமக்கை ஒரு பை தைத்தார். முழ நீளத் துணியில் ஐந்து அறைகள். ஒவ்வொன்றுக்கும் மடித்து மூடும் மேல்துணி. முழுவதையும் சுருட்டிக் கட்ட நாடா. மோதிரத்துக்கும் மூக்குத்திக்கும் ஒரு சிறு மாத்திரை டப்பாவில் துணி இட்டு வைத்தார். தோடுகளைப் பெரிய சட்டைப் பொத்தானின் துளையில் செருகிப் பின்னால் திருகாணியை மாட்டினார். ஜோடி பிரியாமலும் உரசாமலும் அவை இருந்தன. இந்தப் பை எந்நேரமும் அவர் தோளில் மாட்டிய கைப்பையில்தான் இருந்தது. பிரசாத விபூதி, கற்பூரம், சில்லறை நாணயம் எதுவும் அதில் சேரவில்லை.

சதாபிஷேகத்தில் தம்பதியருக்குக் கலச தீர்த்தத்தால் அபிஷேகம் உண்டல்லவா? அந்த நேரம் முத்தும் கல்நகையும் கழுத்தில் இருக்கலாகாது. நூல் நீரை உறிஞ்சிக்கொண்டு வெகுநேரம் உலராது. தமக்கை அபிஷேகத்துக்குத் திருமாங்கல்யமும் ஒரு சங்கிலியும் மட்டும் அணிந்திருந்தார். புதுப்புடவை உடுத்திய பின்னர்தான் முத்துமாலை. அன்று இரவு விடுதியில் எத்தனை களைப்பு இருந்தும், மாலையைத் துடைத்து ஒரு துண்டின் மேல் கிடத்தி, காலையில்தான் பையில் இட்டார். கடலாடவும் தீர்த்தமாடவும் ராமேசுவரம் செல்வோருக்கும் இது பொருந்தும். உப்புநீர் பட்ட கொலுசையும் சங்கிலியையும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தாமல் பையில் போடாதீர்கள்.

கீறல் விழுந்த மூன்று முத்துகள் என்னவாயின என்று கேட்கத் தோன்றும். முத்தில் விழுந்த கீறலைப் போக்க வழியில்லை என்று பத்தர் சொல்லிவிட்டார். புதிய முத்து வாங்கி மாற்றலாமா என்று கேட்டார். தமக்கை இசையவில்லை. "அம்மா போட்டிருந்த முத்து ஒன்றுகூட வெளியே போக வேண்டாம்" என்றார். ஆகவே மாலையைப் பிரித்து, முத்துக்கு முத்து முடிச்சிட்டுப் புதிய நூலில் கோத்து, அந்த மூன்றையும் கொக்கியை ஒட்டிப் பிடரிப் பக்கம் வைத்துக் கொடுத்தார். முன்னால் நிற்பவர் கண்ணுக்கு அவை தெரியமாட்டா.

சந்நிதியில் தமக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு அவை தெரிந்தன.